தொட்டி நிரம்பியும் நிற்காத மோட்டார்

திண்டுக்கல் சீமையில் யாருக்காவது கிட்னியில் கல் என்றால், முதல் குற்றவாளி தண்ணீர்தான். "போர் தண்ணி உப்பு, அதான் கல்லு" என்று ஒரே வரியில் தீர்ப்பு வந்துவிடும். வாழைத்தண்டுச் சாறு குடிப்பார்கள், கேன் தண்ணீருக்கு மாறுவார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கதை அதோடு முடியும். குறைவாகத் தண்ணீர் குடித்துவிட்டு வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குச் சிறுநீர் கெட்டிப்பட்டுக் கல் உண்டாவது சாதாரணமான விஷயம்தான்.

ஆனால், கல் வருகிறவர்களில் ஒரு சிலருக்குக் காரணம் குடத்திலும் இல்லை, போரிலும் இல்லை. கழுத்தில் இருக்கிறது. அரிசி மணி அளவே உள்ள ஒரு சுரப்பியில்.

இந்த நோய் வந்தவர்கள் சொல்லும் கதைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, சேவுகம்பட்டியில் வாழும் ஓர் அம்மாவாகக் கற்பனை செய்து பார்ப்போம். வயது 54. பூப்பறிக்கவும் களை எடுக்கவும் போகிறவர். நாற்பத்தெட்டு வயதில் முதல் கல். வத்தலக்குண்டில் ஸ்கேன் பார்த்தார்கள், மாத்திரையோடு கல் தானே வெளியேறிவிட்டது. இரண்டு வருடம் கழித்து இன்னொன்று. இந்த முறை திண்டுக்கல்லுக்குப் போய், மிஷினில் உடைத்து எடுத்தார்கள். அதற்கு அடுத்த வருடம் வரப்பில் கால் தடுக்கி, கையை ஊன்றி விழுந்தார். அவ்வளவு பெரிய விழுகை இல்லை. ஆனாலும் மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டார்கள். "வயசாச்சுல்ல" என்றார்கள்.

இதற்கிடையே உடம்பில் தெம்பே இல்லை. காலையில் எழும்போதே களைப்பு. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை. மலச்சிக்கல். ராத்திரி நாலு தடவை சிறுநீர் கழிக்க எழ வேண்டும். தாகம் வேறு. சர்க்கரை நோயோ என்று சோதித்துப் பார்த்தார்கள், இல்லை. "எப்பப் பாரு படுத்தே கெடக்காங்க" என்று வீட்டில் ஒரு முணுமுணுப்பு. கடைசியில் கை கால் வலிக்கு என்று மெடிக்கலில் கால்சியம் மாத்திரை வாங்கிச் சாப்பிடத் தொடங்கினார்.

கல்லுக்கு ஒரு டாக்டர், எலும்புக்கு ஒரு டாக்டர், சோர்வுக்கு டானிக். யாரும் தவறாக வைத்தியம் பார்க்கவில்லை. ஆனால், மூன்றையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்க யாருக்கும் வாய்ப்பு வரவில்லை. அந்தக் கோடுதான் ரத்தத்தில் உள்ள கால்சியம்.

கால்சியத்துக்கு ஒரு காவல்காரர்

ஒரு மனித உடம்பில் சுமார் ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவிகிதம் எலும்பிலும் பல்லிலும். ரத்தத்திலும் அதைச் சுற்றியுள்ள திரவத்திலும் ஓடுவது மொத்தமே ஒரு கிராம் அளவுதான். இந்தச் சின்ன அளவை வைத்துத்தான் இதயம் துடிக்கிறது, தசை சுருங்குகிறது, நரம்பு செய்தி கடத்துகிறது. அதனால் ரத்தத்தில் கால்சியம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உடம்பு பொறுக்காது. ஒரு டெசிலிட்டரில் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை என்பதுதான் பெரும்பாலான லேப்கள் போடும் எல்லை.

இந்த எல்லையைக் காப்பது பாராதைராய்டு என்ற சுரப்பிகள். தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலானவர்களுக்கு நான்கு. பெயரில் தைராய்டு இருக்கிறதே தவிர, தைராய்டுக்கும் இதன் வேலைக்கும் சம்பந்தமில்லை. இவ்வளவு சின்னதாக இருப்பதால் நெடுங்காலம் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1849-ல் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்டு ஓவன் என்ற விலங்கியலாளர்தான் இதை முதலில் குறித்துவைத்தார். பெரிய மிருகம் என்பதால் கண்ணில் பட்டது. மனிதனிடம் இதைக் கண்டு விளக்கியவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம், 1880-ல்.

இதன் வேலையைப் புரிந்துகொள்ள மாடித் தொட்டியைப் பார்த்தால் போதும். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச் மோட்டாரைப் போடும். நிரம்பினால் நிறுத்தும். அதுபோல ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இந்தச் சுரப்பிகள் பி.டி.எச். என்ற ஹார்மோனை விடும். அது மூன்று இடங்களில் வேலை செய்யும். எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் விடச் சொல்லும். சிறுநீரகத்திடம் 'கால்சியத்தை வெளியே விடாதே, திருப்பி அனுப்பு' என்று சொல்லும். வைட்டமின் டி-யை வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்றி, சாப்பாட்டிலிருந்து குடல் கூடுதல் கால்சியத்தை உறிஞ்சும்படி செய்யும். கால்சியம் போதுமான அளவுக்கு வந்ததும் சுரப்பி அடங்கிவிடும்.

நான்கில் ஒன்று, சிலருக்கு ஒன்றுக்கு மேல், கட்டியாக வீங்கி, இந்த அளவுகோலை மதிக்காமல் போய்விட்டால்? தொட்டி நிரம்பி வழிகிறது, மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதுதான் ஹைப்பர் பாராதைராய்டிசம். பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் ஒரே ஒரு சுரப்பியில் வரும் கட்டிதான் காரணம். அதுவும் அநேகமாகப் புற்றுநோய் இல்லாத சாதாரணக் கட்டி. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். குறிப்பாக மாதவிலக்கு நின்ற பிறகு.

கல், எலும்பு, சோர்வு: மூன்றும் ஒரே கணக்கு

முதலில் எலும்பு. மோட்டாருக்குத் தண்ணீர் எங்கிருந்தாவது வர வேண்டுமே, அந்தக் கிணறுதான் எலும்பு. நாள் தவறாமல் இறைத்தால் கிணறு வற்றும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மாதவிலக்கு நின்ற பெண்களுக்குச் சாதாரணமாக வரும் எலும்பு மெலிவு முதுகெலும்பின் உள்ளே இருக்கும் சல்லடை போன்ற பகுதியில்தான் முதலில் தெரியும். பி.டி.எச். அதிகமானால் எலும்பின் கெட்டியான வெளி ஓடுதான் அதிகம் தேயும். அந்த ஓடு அதிகமுள்ள இடம் முன்கை. எனவே, எலும்பு அடர்த்தி ஸ்கேனில் முதுகும் இடுப்பும் மட்டும் பார்த்தால் போதாது, முன்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது கல். இங்கே ஒரு சந்தேகம் எழும். 'இந்த ஹார்மோன் சிறுநீரில் கால்சியம் போகாமல் தடுக்கிறது என்றால், கல் எப்படி வரும்?' நியாயமான கேள்வி. தடுப்பது உண்மைதான். ஆனால், ரத்தத்தில் கால்சியம் கூடிவிட்டதால் சிறுநீரகத்துக்கு வந்து சேரும் அளவே அதிகம். வாய்க்கால் கரையை எவ்வளவு உயர்த்தினாலும் வெள்ளம் அதையும் தாண்டி வழிகிற மாதிரி, தடுத்ததுபோக மீதி சிறுநீரில் இறங்குகிறது. அங்கே ஆக்சலேட்டுடனோ பாஸ்பேட்டுடனோ சேர்ந்து கல்லாகிறது. ஒரு கல்லை உடைத்து எடுத்தாலும் மூலப்பொருள் வந்துகொண்டே இருப்பதால் அடுத்தது உருவாகிறது.

மூன்றாவது சோர்வு. கால்சியம் அதிகமானால் நரம்பும் தசையும் மந்தமாகிவிடும். தூண்டினாலும் சட்டென்று எழும்பாது. தொடையிலும் தோளிலும் பலம் குறையும். குடலின் அசைவு மந்தமாகி மலச்சிக்கல் வரும். சிறுநீரகத்தால் தண்ணீரைத் தேக்கிவைக்க முடியாமல் அடிக்கடி சிறுநீர் போகும், அதனால் தாகம் எடுக்கும். சிலருக்கு மறதி, சிலருக்கு எதிலும் மனம் ஒட்டாத நிலை. கல்லுக்கும் முறிவுக்கும் ஸ்கேனிலும் எக்ஸ்ரேயிலும் சாட்சி உண்டு. சோர்வுக்கு எந்தப் படத்திலும் சாட்சி இல்லை. அதனால்தான் அந்த அம்மாவுக்கு 'சோம்பேறி' என்ற பேச்சும் சேர்ந்து வந்தது.

ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

இரண்டாவது கல்லுக்கு அப்புறம் எலும்பும் முறிந்திருக்கிறது என்று கேட்டதும் ஒரு டாக்டர் கால்சியம் அளவைப் பார்க்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட் வருகிறது. கால்சியம் 10.9. எல்லை 10.5. மருமகள் போனில் பார்த்துவிட்டுச் சொல்கிறாள், "அத்தை, ரொம்ப ஒண்ணும் இல்ல, லேசாத்தான் கூட இருக்கு."

இங்கேதான் பல பேருக்கு வழி தவறுகிறது. ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தில் ஒரு பகுதி ஆல்புமின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொண்டு ஓடும். ஆல்புமின் குறைவாக இருந்தால் லேப் காட்டும் கால்சியமும் குறைத்தே காட்டும். அதைச் சரிசெய்ய எளிய கணக்கு ஒன்று உண்டு. ஆல்புமின் 4 கிராமுக்கு எவ்வளவு குறைகிறதோ, அதை 0.8-ஆல் பெருக்கி, கால்சியத்தோடு கூட்ட வேண்டும். அந்த அம்மாவின் ஆல்புமின் 3.2. குறைவது 0.8. அதை 0.8-ஆல் பெருக்கினால் 0.64. அப்படியானால் அவருடைய உண்மையான கால்சியம் 10.9 அல்ல, சுமார் 11.5. இது 'லேசா' இல்லை.

ஒரே ஒரு ரிப்போர்ட்டை நம்பி முடிவெடுக்கவும் கூடாது. கையை நெடுநேரம் இறுக்கிக் கட்டி ரத்தம் எடுத்தாலும், உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தாலும் கால்சியம் கூடுதலாகக் காட்டும். அதனால் இன்னொரு நாள் திரும்பப் பார்ப்பார்கள். கூடவே, அதே ரத்தத்தில் பி.டி.எச். பார்க்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் இந்த நோயைக் கண்டுபிடிக்கும் சூட்சுமம்.

கால்சியம் அதிகமாக இருந்து பி.டி.எச். அடங்கிப்போயிருந்தால், சுரப்பி ஒழுங்காக இருக்கிறது, கால்சியம் வேறு எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம். அளவுக்கு மீறி வைட்டமின் டி ஊசி போட்டுக்கொண்டது முதல் சில புற்றுநோய்கள் வரை காரணம் தேட வேண்டும். கால்சியம் அதிகமாக இருந்து பி.டி.எச்.சும் அதிகமாக இருந்தால் சந்தேகம் சுரப்பி மேல்தான்.

மூன்றாவதாக ஒரு நிலைமை இருக்கிறது. கால்சியம் அதிகம், ஆனால் பி.டி.எச். 'நார்மல்'. லேப் சொல்லும் எல்லை பெரும்பாலும் 15 முதல் 65. ஒருவருக்கு 55 வருகிறது. நார்மல் என்று அச்சடித்திருக்கும். அது நார்மல் இல்லை! தொட்டி வழியும்போது மோட்டார் நின்றிருக்க வேண்டும். மெதுவாக ஓடினாலும் ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்றுதான் பொருள்.

அந்த அம்மாவுக்கு பி.டி.எச். 240. பாஸ்பரஸ் குறைவு. வைட்டமின் டி-யும் 11 மட்டுமே. கடைசியில் சொன்னது நம் நாட்டில் முக்கியம். வைட்டமின் டி குறைவாக இருந்தால் ரத்தக் கால்சியம் ரொம்ப ஏறாமல் நோய் மறைந்து நிற்கும், ஆனால் எலும்பு மட்டும் கூடுதலாகத் தேயும். மேலை நாடுகளில் வழக்கமான ரத்தப் பரிசோதனையிலேயே கால்சியம் பார்த்துவிடுவதால், அங்கே பலருக்கு எந்தத் தொந்தரவும் வருவதற்கு முன்பே நோய் தெரிந்துவிடுகிறது. இங்கே பெரும்பாலும் கல்லும் முறிவும் வந்த பிறகுதான் தெரிகிறது.

ஆபரேஷன் பேச்சை எடுக்கும் முன் இன்னும் இரண்டு விஷயங்களைக் கேட்டறிவார்கள். ஒன்று, மனநோய்க்குத் தரும் லித்தியம், ரத்த அழுத்தத்துக்குத் தரும் தயசைடு வகை மாத்திரை சாப்பிடுகிறாரா? இவை கால்சியத்தைக் கூட்டிக் காட்டும். இன்னொன்று, 24 மணி நேரச் சிறுநீரில் எவ்வளவு கால்சியம் போகிறது? சில குடும்பங்களில் பரம்பரையாகவே ரத்தக் கால்சியம் சற்று உயர்ந்திருக்கும், ஆனால் சிறுநீரில் மிகக் குறைவாகவே போகும். அவர்களுக்குக் கட்டி கிடையாது. ஆபரேஷன் செய்தாலும் பயன் இருக்காது.

கழுத்தில் தேடியது, நெஞ்சில் இருந்தது

ரத்தம்தான் நோயைச் சொல்கிறது. ஸ்கேன் சொல்வது முகவரியை மட்டும். இந்த வித்தியாசத்தை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது சார்லஸ் மார்ட்டெல் என்ற அமெரிக்கக் கப்பல் கேப்டனிடமிருந்து.

மார்ட்டெல் ஆறடி ஓர் அங்குலம் உயரமுள்ள திடகாத்திரமான ஆள். 1918 வாக்கில் உடம்பு தளரத் தொடங்கியது. எலும்புகள் அடுத்தடுத்து முறிந்தன. முதுகு குறுகி, உயரம் ஏழு அங்குலம் குறைந்து ஐந்தடி ஆறு அங்குலமானது. சிறுநீரகத்தில் கற்கள். 1926-ல் நியூயார்க்கில் யூஜின் டுபாய் என்ற மருத்துவர், அவர் ரத்தத்தில் கால்சியம் மிகுந்திருப்பதைக் கண்டு பாராதைராய்டுதான் காரணம் என்று முடிவு செய்து, பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனைக்கு அனுப்பினார்.

அங்கே அந்த ஆண்டிலேயே இரண்டு முறை கழுத்தைத் திறந்தார்கள். கட்டி இல்லை. பிறகு மறுபடியும், மறுபடியும். மொத்தம் ஆறு ஆபரேஷன்கள் நடந்தும் கிடைக்கவில்லை. மார்ட்டெல் தானே உடற்கூறு நூல்களைப் படித்தார். கழுத்தில் இல்லையென்றால் நெஞ்சுக்குள் பாருங்கள் என்று வற்புறுத்தினார். கருவில் குழந்தை வளரும்போது கீழ்ப் பாராதைராய்டுகள் தைமஸ் என்ற சுரப்பியோடு சேர்ந்து மேலிருந்து கழுத்துக்கு இறங்கி வருகின்றன. சிலருக்கு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் நெஞ்சுக்குள்ளேயே போய்விடும். 1932-ல் ஏழாவது ஆபரேஷனில் எட்வர்டு சர்ச்சில், ஆலிவர் கோப் இருவரும் மார்பைத் திறந்தபோது கட்டி அங்கேதான் இருந்தது. அளவு மூன்று சென்டிமீட்டர்.

ஆனால், மார்ட்டெல் பிழைக்கவில்லை. கட்டியை எடுத்ததும் கால்சியம் குறையத் தொடங்கியது. ஆறு வாரத்தில், சிறுநீர்க் குழாயில் சிக்கிய கல்லுக்காக நடந்த சிகிச்சையை ஒட்டிக் குரல்வளை இறுகி மூச்சடைத்து இறந்துபோனார். நோயைப் பிடித்த பிறகும், அது அதுவரை விட்டுவைத்த கல் அவரைக் கொண்டுபோனது. தாமதத்தின் விலை அதுதான்.

இன்று மார்ட்டெல்லைப் போல ஏழு முறை திறக்க வேண்டியதில்லை. கழுத்து அல்ட்ராசவுண்டும், செஸ்டமிபி என்ற கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கும் ஸ்கேனும் பெரும்பாலும் கட்டியின் இடத்தைக் காட்டிவிடும். கழுத்தில் சிறிய வெட்டு போதும். பி.டி.எச். ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும் என்பதால், கட்டியை எடுத்த பத்து நிமிடத்தில் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். அளவு பாதிக்கும் கீழே விழுந்திருந்தால் சரியான கட்டியைத்தான் எடுத்திருக்கிறார்கள். இதில் அனுபவமுள்ள சர்ஜனிடம் போவது மிக முக்கியம். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் நாளமில்லாச் சுரப்பி அறுவை சிகிச்சைக்குத் தனித் துறையே இருக்கிறது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னால் நோய் இல்லை என்று வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது. ரத்தத்தின் சாட்சி அப்படியே நிற்கிறது.

பால் குடிக்கலாமா?

கால்சியம் அதிகம் என்றதும் வீட்டில் முதலில் நிறுத்துவது பாலும் தயிரும் கேழ்வரகும். அது தவறு. சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால் சுரப்பி இன்னும் வேகமாக எலும்பைத்தான் கரைக்கும். எல்லோரையும் போல அளவாகச் சாப்பிடலாம். நிறுத்த வேண்டியது தானாக வாங்கிச் சாப்பிடும் கால்சியம் மாத்திரையை. வைட்டமின் டி குறைவாக இருந்தால் டாக்டர் மேற்பார்வையில் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வாந்தி, பேதி வந்து உடம்பு வற்றினால் கால்சியம் திடீரென்று ஏறிக் குழப்பமும் மயக்கமும் வரலாம். அப்போது தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆபரேஷன் முடிந்ததும் இந்தக் கணக்கு தலைகீழாகும். பட்டினி கிடந்த எலும்பு, ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தை ஆவலோடு இழுத்துக்கொள்ளும். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், கை கால் பிடித்து இழுக்கும். எலும்பு எவ்வளவு தேய்ந்திருந்ததோ அவ்வளவுக்கு இது கூடும். இதற்கு அதே கால்சியம் மாத்திரைதான் மருந்து. "முந்தி வேணாம்னாங்க, இப்ப திங்கச் சொல்றாங்களே" என்று குழம்பி மாத்திரையை விட்டுவிடக் கூடாது. அன்று கால்சியம் வழிந்துகொண்டிருந்தது, இன்று எலும்பு கேட்கிறது.

எல்லாமும் திரும்பக் கிடைத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். எலும்பின் அடர்த்தி அடுத்த ஓரிரு வருடங்களில் நன்றாகக் கூடும். புதுக்கல் உண்டாவது வெகுவாகக் குறையும். ஏற்கெனவே இருக்கும் கல் தானாகக் கரையாது. அதைத் தனியாகத்தான் எடுக்க வேண்டும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டிருந்தால் அந்தப் பழுது அப்படியே நிற்கும். களைப்பு பலருக்குக் குறைகிறது, சிலருக்கு முழுதும் போவதில்லை. சுருங்கிய முதுகு நிமிராது.

எனவே, கல் இரண்டாவது முறை வந்தவர்களும், லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்தவர்களும் அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது கால்சியமும் ஆல்புமினும் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளலாம். மாஸ்டர் செக்கப் என்று பணம் கட்டினாலும் சில பேக்கேஜ்களில் இவை இருக்காது. கால்சியம் கூடியிருந்தால், அதே ரத்தத்தில் பி.டி.எச். பார்க்கச் சொல்ல வேண்டும். பழைய ரிப்போர்ட்டுகளையும் தூக்கிப்போடாமல் எடுத்துப் போக வேண்டும். ஐந்து வருடத்துக்கு முந்தைய ஏதோ ஒரு தாளில் 10.8 என்ற எண், அடிக்கோடு இல்லாமல், யாரும் கவனிக்காமல் காத்திருக்கக்கூடும்.